கூட்டு வேலைக் கூலியைச் செய்த வேலைப்படி பிரிப்பது எப்படி?



கொழுந்து எடுக்கிற வேலையில் கூலிக் கணக்கு பெரும்பாலும் சண்டைக்குப் போவதில்லை. ஒவ்வொருவர் கூடையும் தனித்தனியாகத் தராசில் ஏறுகிறது. யார் எத்தனை கிலோ என்பதைத் தராசே சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்து என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையைக் கொந்தரப்பு எடுத்தால் அங்கே தராசு இல்லை. கான் வெட்டு, புல்லு வெட்டு, கவ்வாத்து எதுவானாலும் முழு வேலைக்கும் சேர்த்து ஒரே தொகைதான் கைக்கு வரும். அதைப் பிரிக்கும்போதுதான் "நானும் மூணு நாள் நின்னேனே" என்று ஒருவரும், "நின்னது சரி, வெட்டினது யாரு?" என்று இன்னொருவரும் கேட்பார்கள். இந்தக் கணக்கைத்தான் இம்முறை நாம் பார்க்கப்போகிறோம்.

இதற்கு வன்னியிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் நம் தோட்டங்களிலிருந்து போன ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடியேறின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றைக்கும் நம் சொந்தபந்தங்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த வயல் கிடையாது. மற்றவர் வயலில் கூலிக்கும், கொந்தராத்துக்கும் வேலை செய்துதான் சீவியம் போகிறது. லீவுக்கு அங்கே போகிற நம் பிள்ளைகளும் இந்த வேலைகளில் சேர்ந்துகொள்கிறார்கள். முன்பு கதிர் வெட்டு பெரிய வேலையாக இருந்தது. இப்போது அதை இயந்திரம் செய்துவிடுகிறது. வரம்பு கட்டுவது, களை பிடுங்குவது, கச்சான் பிடுங்கி ஆய்வது, வாய்க்கால் துப்புரவாக்குவது போன்றவை இன்னும் கைவேலைதான்.

வாய்க்கால் வேலையையே பார்ப்போம். இரணைமடுக் குளம் போன்ற குளங்களின் தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, சின்ன வாய்க்கால்கள் வழியாக வயலுக்குப் போகிறது. போகம் தொடங்குமுன் இந்தச் சின்ன வாய்க்கால்களில் படிந்த மண்ணையும் புல்லையும் எடுக்க வேண்டும். தன் பங்கைத் தானே செய்ய முடியாத வயல்காரர் ஆள் பிடித்துச் செய்விப்பார்.

ஒரு வேலை, மூன்று பேர்

கணக்குக்காக ஒரு வேலையை நாமே வைத்துக்கொள்வோம். வாய்க்காலின் நீளம் 120 மீற்றர், முழு வேலைக்கும் பேசிய தொகை 24,000 ரூபா. எடுத்துச் செய்கிறவர்கள் மூன்று பேர். அவர்களை அண்ணன், அக்கா, பெரியவர் என்று கூப்பிடுவோம்.

அண்ணன் தனியாகச் செய்தால் 6 நாளில் முடிப்பார். அக்கா தனியாகச் செய்தால் 10 நாள் ஆகும். பெரியவருக்கு வயசாகிவிட்டது, அவருக்குத் தனியாக 15 நாள் வேண்டும். மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள், 3 நாளில் வேலை முடிந்தது. 24,000 ரூபாவை எப்படிப் பிரிப்பது?

மூன்று பேரும் மூன்று நாள் நின்றார்கள் என்று ஆளுக்கு 8,000 கொடுக்கலாம். அது நின்ற நாளுக்குக் கொடுக்கிற கூலி. செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எவ்வளவு செய்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

120 மீற்றரை 6 நாளில் முடிக்கிற அண்ணன் ஒரு நாளைக்கு 20 மீற்றர் செய்கிறார். 10 நாள் எடுக்கிற அக்கா ஒரு நாளைக்கு 12 மீற்றர் செய்கிறார். 15 நாள் எடுக்கிற பெரியவர் 8 மீற்றர் செய்கிறார். மூன்றையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 40 மீற்றர். 120 மீற்றருக்கு 3 நாள் என்பது இதோடு ஒத்துப்போகிறது.

இனி 24,000 ரூபாவை 120 மீற்றரால் வகுத்தால் மீற்றருக்கு 200 ரூபா வருகிறது. 3 நாளில் அண்ணன் 60 மீற்றர் செய்தார், அவருக்கு 12,000 ரூபா. அக்கா 36 மீற்றர், அவருக்கு 7,200 ரூபா. பெரியவர் 24 மீற்றர், அவருக்கு 4,800 ரூபா. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 24,000 சரியாக வரும். கூட்டிப் பார்க்கும்போது மொத்தம் வராவிட்டால் எங்கேயோ கை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

மீற்றர் இல்லாத வேலைக்கு

களை பிடுங்குகிற வேலையில் மீற்றர்க் கணக்கு வராது. அப்போது 6, 10, 15 என்கிற நாட்கள் மட்டும்தான் நம் கையில் இருக்கும். அதற்கும் லேசான வழி உண்டு. மூன்று எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடுகிற ஓர் எண்ணைத் தேடுங்கள். இங்கே அது 30. முழு வேலையும் 30 கூடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். 6 நாளில் 30 கூடை என்றால் நாளைக்கு 5 கூடை. 10 நாளில் 30 என்றால் நாளைக்கு 3. 15 நாளில் 30 என்றால் நாளைக்கு 2. ஆக மொத்தம் 10 பங்கு, அதில் அண்ணனுக்கு 5, அக்காவுக்கு 3, பெரியவருக்கு 2. 24,000 ரூபாவில் ஒரு பங்கு 2,400 ரூபா. மீற்றரில் வந்த அதே விடைதான் இதிலும் வரும்.

இங்கே பலருக்கும் வருகிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். 6, 10, 15 என்ற நாட்களையே பங்காக வைத்துப் பிரித்துவிடுவார்கள். மொத்தம் 31 பங்கு என்று வைத்தால் பெரியவருக்குச் சுமார் 11,600 ரூபாவும் அண்ணனுக்குச் சுமார் 4,600 ரூபாவும் போகும். அதிகம் வெட்டினவருக்கு ஆகக் குறைந்த காசு! நாள் கூடினால் வேகம் குறைவு என்பதை மறந்ததால் கணக்குத் தலைகீழாகிறது. பிரித்து முடித்ததும், ஆகக் குறைந்த நாளில் முடிக்கிறவருக்கு ஆகக் கூடிய பங்கு போயிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். போகவில்லை என்றால் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

யாராவது இடையில் நின்றுவிட்டால்

முதல் நாள் முடிந்ததும் பெரியவருக்குக் காய்ச்சல் வந்து அவர் நின்றுவிட்டார் என்று வையுங்கள். அவர் செய்தது 8 மீற்றர். முதல் நாள் மூன்று பேரும் சேர்ந்து முடித்தது 40 மீற்றர், மிச்சம் 80 மீற்றர். அண்ணனும் அக்காவும் சேர்ந்து நாளைக்கு 32 மீற்றர் செய்வார்கள், ஆகவே இன்னும் இரண்டரை நாள் போகும். இருவரும் வேலை செய்தது மொத்தம் மூன்றரை நாள்.

அண்ணன் செய்தது 70 மீற்றர், அவருக்கு 14,000 ரூபா. அக்கா செய்தது 42 மீற்றர், அவருக்கு 8,400 ரூபா. பெரியவருக்கு 8 மீற்றருக்கு 1,600 ரூபா. மூன்றும் சேர்ந்தால் 24,000.

வேகத்தை மட்டும் பார்த்து 5, 3, 2 என்று பிரித்திருந்தால் ஒரு நாள் வந்த பெரியவருக்கு 4,800 போயிருக்கும். நின்ற நாளை மட்டும் பார்த்து ஒன்று, மூன்றரை, மூன்றரை என்று பிரித்தால் அவருக்கு 3,000 வரும். இரண்டும் சரியில்லை. ஒரு நாளில் செய்கிற வேலையை நின்ற நாளால் பெருக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது பொய் சொல்லும்.

வேகம் தெரியாத ஒருவர் சேர்ந்தால்

அண்ணனுக்கு 6 நாள், அக்காவுக்கு 10 நாள் என்பது நமக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு புது ஆள் சேர்கிறார், அவர் வேகம் யாருக்கும் தெரியாது. 3 நாளில் வேலை முடிந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களில் இந்தக் கணக்கு வரும். 3 நாளில் அண்ணன் 60 மீற்றரும் அக்கா 36 மீற்றரும் செய்திருப்பார்கள், சேர்த்து 96. மிச்சம் 24 மீற்றர் புது ஆள் செய்தது. அவருக்கு 4,800 ரூபா.

கணக்கு சரிதான், ஆனாலும் வயலில் இதைக் கவனமாகப் பாவிக்க வேண்டும். முந்தின இரவு மழை பெய்து மண் இளகியிருந்தால் அண்ணனும் அக்காவுமே வழக்கத்தைவிடக் கூட வெட்டியிருப்பார்கள். அந்தக் கூடுதலும் புது ஆளின் கணக்கில் போய் விழும். வெயிலில் மண் இறுகிக் கிடந்தால் எல்லோருடைய தாமதமும் அவர் தலையில் விழும். ஆகவே மிச்சத்தை வைத்து ஒருவரை அளப்பதைவிட அவர் வேலையையே நேராக அளப்பது நல்லது.

வேகத்தை எப்படி அளப்பது?

"நான் தனியா ஆறு நாளில முடிச்சிருவேன்" என்று யாரும் சொல்லலாம். வாய்ச்சொல்லை வைத்துக் காசு பிரிக்க முடியாது. வேலை தொடங்கும் காலையில் ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில் கயிறு பிடித்து, ஆளுக்கொரு துண்டு ஒதுக்கிக் கம்பு நடுங்கள். இரண்டு மணித்தியாலம் ஒவ்வொருவரும் தன் துண்டில் தனியாகச் செய்யட்டும். அண்ணன் 5 மீற்றர், அக்கா 3 மீற்றர், பெரியவர் 2 மீற்றர் என்று வந்தால் 5, 3, 2 என்ற பங்கு அங்கேயே கிடைத்துவிட்டது. தனியாக எத்தனை நாள் என்று யோசிக்கவே தேவையில்லை.

வன்னி வெயில் நம் மலை வெயில் மாதிரி இல்லை. காலையில் சுறுசுறுப்பாக வெட்டுகிறவர் மத்தியானத்துக்குப் பிறகு தளர்ந்துவிடுவார். நிதானமாகச் செய்கிறவர் பின்னேரம் வரைக்கும் ஒரே மாதிரி போவார். அதனால் காலையில் ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையும் அளந்து, இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வேர் ஓடின துண்டில் ஒரு மீற்றர் வெட்டுகிற நேரத்தில் இளகின துண்டில் இரண்டு மீற்றர் வெட்டலாம் என்றால், அந்தத் துண்டின் ஒரு மீற்றரை இரண்டாக எண்ணுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

அளந்த வேகப்படி 3 நாளில் முடிய வேண்டிய வேலை 4 நாள் ஆகிவிட்டால் என்ன செய்வது? வெயிலாலோ மண்ணாலோ எல்லோரும் ஒரே அளவில் மெதுவாகியிருந்தால் பங்கு மாறாது. அதே 5, 3, 2 தான், ஒவ்வொருவரின் நாள் வரும்படி மட்டும் குறையும். ஒருவர் மட்டும் தளர்த்திவிட்டார் என்ற சந்தேகம் இருந்தால் பழைய வேகம் உதவாது. அதற்குத்தான் ஒவ்வொரு பின்னேரமும் அவரவர் முடித்த இடத்தில் கம்பு நட்டு, கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். கம்பு இருந்தால் கடைசி நாளில் வேகத்தை நாளால் பெருக்கிப் பார்க்கத் தேவைப்படாது. மீற்றரை எண்ணி, மீற்றருக்கு வந்த தொகையால் பெருக்கிக் காசைக் கொடுத்துவிடலாம்.

கணக்குக்குள் அடங்காதவை

ஒருவர் மண்ணை வெட்ட, இன்னொருவர் அதை அள்ளி மேலே போட, மூன்றாமவர் கரைப் புல்லைச் சீவுகிறார் என்றால் எந்த மீற்றர் யாருடையது? அள்ளுகிறவர் மெதுவானால் வெட்டுகிறவரும் காத்திருக்க வேண்டும். அப்போது தனியாக அளந்த வேகம் பொருந்தாது. கூடுமானவரை ஒவ்வொருவரும் தன் துண்டில் வெட்டுதல், அள்ளுதல், சீவுதல் மூன்றையும் தானே செய்வது நல்லது. அது முடியாத இடத்தில் எந்த வேலைக்கு எத்தனை பங்கு என்று தொடங்குமுன் பேசி, நின்ற நாளால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

தேத்தண்ணி வைக்கிறவர், தண்ணி சுமந்து வருகிறவர் இவர்களுக்கு மீற்றர் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் மற்றவர்கள்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இவருடைய கூலியையும் சாப்பாட்டுச் செலவையும் முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்குபோட வேண்டும். அதற்கு 1,500 ரூபா போனால் மிச்சம் 22,500. அண்ணனுக்கு 11,250, அக்காவுக்கு 6,750, பெரியவருக்கு 4,500. செலவு எல்லோர் பங்கிலிருந்தும் அவரவர் அளவுக்குக் குறைந்திருப்பதைப் பாருங்கள். செலவை ஆளுக்கு 500 என்று கழித்திருந்தால் பெரியவர் கைக்கு 4,300 தான் வந்திருக்கும். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே அளவுதானே, ஆளுக்குச் சமமாகக் கழிப்போம் என்று நீங்கள் தீர்மானித்தால் அதுவும் ஒரு நியாயம்தான். எது என்பதை முதலே சொல்லிவிட வேண்டும்.

வேகத்துக்குக் காசு என்றதும் சிலர் மேலோட்டமாக வெட்டிக்கொண்டு ஓடுவார்கள். அடிமண் கிடக்கும், கரை சரிவாக நிற்காமல் அடுத்த மழையோடு இடிந்து உள்ளே விழும். வயல்காரர் வந்து பார்த்துத் திரும்பச் செய்யச் சொன்னால் அந்தத் துண்டை வெட்டினவரே வந்து சரிசெய்ய வேண்டும். அவர் வராவிட்டால் அந்த மீற்றர் அவர் கணக்கிலிருந்து கழிந்து, சரிசெய்தவர் கணக்கில் ஏற வேண்டும். வயல்காரர் பார்த்துச் சரி சொல்லும்வரை முழுக் காசையும் பிரித்துவிடாமல் ஒரு பகுதியைக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பெண் கூலியும் அரைப் பேரும்

இந்தக் கணக்கில் நாம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. வயல் வேலையில் நாட்கூலிக்கு ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த தொகை என்ற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்த பின் வன்னியில் பெண்ணே குடும்பத்தைத் தாங்குகிற வீடுகள் அதிகம். கொந்தராத்துக் காசைப் பிரிக்கும்போதும் "பொம்பளைக்கு இவ்வளவுதான்" என்று பழைய நாட்கூலியைக் கொண்டுவந்து வைத்தால் அந்த வீட்டு அடுப்பில்தான் அது தெரியும்.

நம் கணக்கில் அக்காவுக்கு 7,200 ரூபா வந்தது அவர் 36 மீற்றர் செய்ததால். அதே 36 மீற்றரை ஓர் ஆண் செய்திருந்தாலும் 7,200 தான். அவரே 60 மீற்றர் செய்திருந்தால் 12,000 அவருக்குப் போக வேண்டும். கம்புக்கும் கயிற்றுக்கும் ஆண் பெண் தெரியாது. பெரியவருக்கும் இதே நியாயம்தான். வயசைக் காட்டி அவரைச் சேர்க்காமல் விடத் தேவையில்லை, அவர் செய்தது எவ்வளவோ அவ்வளவு அவருக்கு.

இதைத் தோட்டத்துப் பேர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுக்க வேண்டும் என்று வைத்த இடத்தில் 16 கிலோவோடு வந்தவருக்கு அரைப் பேர் போடுகிறார்கள் என்று வையுங்கள். குறைந்தது 2 கிலோ, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. கழிந்ததோ பாதிச் சம்பளம். செய்த வேலைப்படி பிரிப்பது என்றால் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தால் காசும் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைய வேண்டும். உங்கள் கொந்தரப்புக் கூட்டத்தில் யாராவது "இத்தனை மீற்றர் முடிக்காதவனுக்கு அரைப் பங்கு" என்று சொன்னால், அது செய்த வேலைப்படி பிரிப்பதல்ல என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

புருசன், பெண்சாதி, மகன் என்று ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் சேர்ந்து எடுக்கிற வேலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாமல் போகலாம். பெரியவர் மேல் உள்ள மரியாதைக்காக அண்ணன் தன் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அது அவர் மனசு. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று தெரியவும் தன் பங்கு எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை கான் வெட்டோ, வாய்க்கால் வேலையோ சேர்ந்து எடுக்கும்போது ஒரு கொப்பியில் ஐந்து விசயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: பேசின தொகை, முதலில் கழிக்க வேண்டிய செலவு, அளந்து பார்த்த வேகம், ஒவ்வொருவர் நின்ற நாள், திரும்பச் செய்ய வேண்டி வந்தால் யார் செய்வது. எழுதினதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு மண்வெட்டியைத் தூக்குங்கள். கணக்குப் போட்டுப் பார்க்க உதவி வேண்டுமானால் கொப்பியோடு நமது நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.